ஏழு தட்டுகளும் ஒரு பூச்சியின் சாட்சியும்

தோலைத் தரம் பிரிப்பவனுக்கு ஒரு விதி உண்டு. சரக்கு வந்ததும் முதலில் கை பேச வேண்டும், அடுத்துக் கண் பேச வேண்டும். உடன் வந்த காகிதத்தைக் கடைசியில்தான் பிரிக்க வேண்டும். அனுப்பியவர் ‘முதல் தரம்’ என்று எழுதியிருப்பதை முன்னரே படித்துவிட்டால், கண் அதற்கு ஒத்து ஊதத் தொடங்கிவிடும். ஆம்பூரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் இவ்விதியை மீறியதில்லை. ஓய்வு பெற்ற பின்னும் மீறாமல் இருந்ததால்தான் பேராசிரியரின் நூல்களுக்கு அத்தனை பெரிய தீங்கு செய்துவிட்டேன்.

பேராசிரியர் வேதியியல் கற்பித்தவர். என் இளமையில், தோல் தொழிலாளருக்கென்று மாலை வேளைகளில் அவர் இரண்டு ஆண்டுகள் இலவசமாக வகுப்பு நடத்தினார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அவ்வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்தேன். அதன்பின் நான் படித்ததெல்லாம் அவரிடம் இரவல் வாங்கிய நூல்களைத்தான். இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. வேலூர் சத்துவாச்சாரியில் இருந்த வீட்டை விட்டு, மனைவியோடு மகளின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செல்ல இருந்தார். அங்கே நூல்களுக்கு இடமில்லை. “அலமாரியோட எடுத்துக்கங்க” என்று சொல்லி, ஒட்டிய உறை ஒன்றையும் என் கையில் கொடுத்தார். “வீட்டுக்குப் போய்ப் படிங்க.”

ஏழு தட்டுகள் கொண்ட தேக்கு அலமாரி அது. என் தெருவைச் சேர்ந்த சரக்கு ஆட்டோ ஓட்டும் பாய், அலமாரியைக் கட்டி முடித்துவிட்டு நூல் அட்டைப்பெட்டிகளைப் பார்த்து மலைத்தார்.

“இவ்ளோ ஜாஸ்தியா? இன்னா தோஸ்த், காலேஜ் திறக்கப் போறியா?”

“நீதான் மொதல் ஸ்டூடண்ட்.”

“வாணாம்பா. எனக்கு ஃபெயில் ஆவறது புதுசு இல்ல.”

பெட்டிகளை நிரப்பியவன் நானே. தோலை அடுக்குவது போலவே, பெரியன அடியிலும் சிறியன மேலுமாக, ஒரு மூலை கூடப் பிதுங்காமல் அடுக்கினேன். வீட்டில் இறக்கியதும் உயர வரிசைப்படி அலமாரியில் நிறுத்தினேன். அழுக்கைத் துடைத்தேன். எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கைகளைக் கழுவிய பின், விதிப்படி காகிதத்தைப் பிரித்தேன்.

நான்கு முழுத்தாள்கள். எழுத்துகள் கோடு விட்டு ஏறியும் இறங்கியும் சென்றன. அன்பு விசாரிப்புக்குப் பின் அவர் எழுதியிருந்தார்: ‘என் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில் மட்டும் உலகம் தெரிகிறது. நூலின் பெயரைப் படிக்க முடியாது. ஆனால் எந்தத் தட்டில் எத்தனையாவது எது என்பதைக் கை அறியும். மாதத்தின் முதல் ஞாயிறு வருவேன். நானே ஒரு நூலை எடுப்பேன், நீங்கள் படிக்க வேண்டும். எது எங்கே என்று பிறரைக் கேட்டு வாங்கும் நிலை மட்டும் எனக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நூல்களை நான் வைத்த வரிசையிலேயே வையுங்கள்.’

கடிதத்தை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு?”

சொன்னேன். அவள் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“லெட்டர மொதல்ல படிக்கக் கூடாதா? தோலுக்குத்தான் அந்தச் சட்டம். மனுசங்களுக்குமா?”

ஞாயிற்றுக்கு இன்னும் பதினாறு நாள்கள் இருந்தன. அவரிடமே கேட்டுவிடலாம். ஆனால் அவர் வேண்டாமென்று கேட்டுக்கொண்ட துன்பத்தை நானே முதல் நாளில் கொடுத்ததாகிவிடும். கேட்கவில்லை.

கடிதம் ஓரளவுக்குக் கைகொடுத்தது. எந்தத் தட்டு எந்தத் துறை என்பதையும், ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறிப்பையும் எழுதியிருந்தார். மேல்தட்டு தத்துவம்: ‘மூன்றில் ஒரு பங்கு எனக்கு விளங்கவில்லை. அடிக்கோடிட்ட பக்கங்கள் விளங்கிவிட்டதாக நான் எண்ணிக்கொண்டவை.’ அடுத்தது இலக்கணம்: ‘எழுதுவதற்கு முன் படித்தால் அச்சம் வரும். எழுதிய பின் படித்தால் வெட்கம் வரும். வெட்கம் பரவாயில்லை.’ இக்கட்டுரையை எழுதும்போதும் அக்குறிப்பின்படியே நடக்கிறேன்.

துறைவாரியாகப் பிரிக்க இரண்டு நாள்கள் போதுமாயின. தட்டுக்குள் வரிசை என்ன என்பதே சிக்கல். வரலாற்றுக்கு மட்டும் ஒரு துப்பு இருந்தது: ‘ஒரே போரை இருவர் எழுதியுள்ளனர். இருவர் கணக்கிலும் அவரவர் கட்சியே வென்றது. அவர்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். பிரித்தால் இருவரும் பொய்யராகிவிடுவர்.’ அந்த இருவரையும் கண்டுபிடித்துச் சேர்த்தேன். மற்ற முப்பது பேர் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, வரலாற்று நூல் ஒன்றை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அப்போது என் பழைய கண் விழித்துக்கொண்டது. அதன் பக்கவாட்டு அட்டையில், மேல் இரண்டு விரற்கடை மட்டும் நிறம் வெளுத்திருந்தது. வெளுப்புக்கும் மீதிக்கும் இடையே நேர்கோடு. தோலில் இப்படி ஒரு கோட்டைக் கண்டால், அதன்மேல் சிறிய தோல் ஒன்று நெடுநாள் கிடந்தது என்று நான் உடனே சொல்லிவிடுவேன். இங்கும் அதேதான். பக்கத்தில் நின்ற குட்டையான நூல் மறைத்த இடம் நிறம் காத்தது. மறைக்காத மேற்பகுதி வெயிலில் வெளுத்தது. அப்படியானால் அந்தக் குட்டை நூலின் உயரம் அந்தக் கோட்டின் உயரம். அளவுகோலை எடுத்தேன்.

கோட்டையும் உயரத்தையும் பொருத்திப் பொருத்தி, யாருக்கு யார் அண்டை வீட்டுக்காரர் என்று கண்டுகொண்டே போனேன். அவர் வீட்டில் அலமாரிக்கு இடப்புறம் கிழக்கு ஜன்னல். ஆகவே முதுகு மிக வெளுத்தவை இடக்கோடியில் நின்றவை. கணிதத் தட்டு ஒரே நாளில் முடிந்தது. ‘லாகரிதம் அட்டவணை இன்று யாருக்கும் பயன்படாது. ஆயினும் என் வீட்டில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லாத நூல் அதுவே’ என்ற குறிப்போடு அது இடமிருந்து மூன்றாவதாகச் சென்று நின்றது. தாவரவியலில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. ‘ஒடுகத்தூர் மலையடியில் பறித்த இலைகள் உள்ளே இருக்கின்றன. படுக்க வைத்தே திறக்கவும். இரண்டு இலைகளுக்குப் பெயர் தவறாக எழுதியிருக்கிறேன். எவை என்பதை நீங்கள் கண்டுபிடியுங்கள்.’ அடித்தட்டில் அகராதிகள்: ‘முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர், கிழிந்துவிடும். இருபுறத்து நூல்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுங்கள்.’ நாற்பது ஆண்டுகளாக நான் விரலை மாட்டித்தான் இழுத்திருக்கிறேன்.

மிஞ்சியது ஆறாம் தட்டான வேதியியல். ஜன்னல் வெயில் அவ்வளவு கீழே இறங்காது. அங்கே வெளுப்பில்லை, கோடுமில்லை. ‘பத்தாண்டாக இத்தட்டைத் தொடவில்லை. அணு எடைகள் திருத்தப்பட்டுவிட்டன. மரப்பட்டையால் தோல் பதனிடும் அதிகாரம் மட்டும் இன்றும் செல்லும். கடுக்காய் தோலில் செய்யும் வேலை மாறவில்லை.’ இதுதான் குறிப்பு. தொடாத நூல்களில் என்ன குடியேறும் என்பது எனக்குத் தெரியும். விரித்துப் பார்த்தேன். ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள் இருந்தன. குண்டூசித் தலையளவு, அம்பு பாய்ந்தது போல் நேராக.

பூச்சிக்கு நூலின் எல்லை தெரியாது. ஒரு நூலின் பின்னட்டையைக் கடந்தால், அடுத்த நூலின் முன்னட்டையில் அதே இடத்தில் நுழைந்துவிடும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தினேன். எட்டு நூல்கள் வரிசையில் வந்தன. ஆனால் மூன்றாவதுக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையே குச்சி முட்டியது. நடுவில் ஏதோ ஒன்று குறைந்தது. மிஞ்சிக் கிடந்தவற்றை எல்லாம் சோதித்தேன். பொருந்தியது ஒன்றே ஒன்று: கடிதத்தில் ‘அகராதிகளோடு என் மனைவியின் சமையல் குறிப்பு நோட்டு’ என்று சொல்லப்பட்ட மெல்லிய நோட்டு. அதற்குள் குச்சி வெண்ணெயில் போல் இறங்கியது.

கடிதம் ஒன்று சொல்கிறது, பூச்சி வேறொன்று சொல்கிறது. என் விதிப்படி காகிதம் கடைசி. ஏற்கெனவே ஒருமுறை அவ்விதியால் கெட்டவன் நான். ஒரு பகல் முழுவதும் யோசித்து, நோட்டை வேதியியலில் நான்காவதாக வைத்தேன்.

அந்த நோட்டிலிருந்தும் அதன் இருபுறத்து நூல்களிலிருந்தும் மாவு போன்ற தூள் உதிர்ந்ததால், பூச்சி உயிரோடிருப்பது உறுதியாயிற்று. இறுகக் கட்டிய பாலிதீன் பையில் ஃப்ரீசரில் வைப்பது நான் முன்பே கேள்விப்பட்ட முறை.

“மீனுக்குப் பக்கத்துல புக்கா? பேஜாரா கீதே உங்களோட” என்றாள் மனைவி. ஆனாலும் மீனை அவளே ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். ஒரு வாரத்துக்கு மேல் குளிரில் இருந்த பின் வெளியே எடுத்து, ஈரம் படியாதபடி ஒரு நாள் கழித்தே பையை அவிழ்த்தேன்.

ஞாயிறு வந்தது. பாய் தம் ஆட்டோவிலேயே பேராசிரியரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்தார். பேராசிரியர் அலமாரியின் முன் நின்று, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நான்காம் தட்டில் விரல்களை ஓட்டினார். மூன்றாவது நூலை எடுத்தார்.

“லாகரிதம்.”

“ஆமாங்க சார்.”

மேலே சென்றார். போரிட்ட இருவரையும் ஒரே பிடியில் இழுத்தார். “ரெண்டு பேரும் இன்னும் சண்டையா?” என்று சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் குனிந்து ஆறாம் தட்டைத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் கை நின்றது.

“இது இங்க இல்லையே. இன்னா இது, மெலிசா?”

“அம்மாவோட சமையல் நோட்டுங்க சார்.”

“அது கீழ இருக்கணும். லெட்டர்ல எழுதியிருந்தேனே. கலைச்சிட்டீங்களா?”

அவர் குரலில் கோபமில்லை. அதனினும் மோசமான ஒன்று இருந்தது: கை ஏமாந்தவரின் தயக்கம். நான் நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பின், “ஆனா இது மட்டும் சரிதாங்க சார்” என்று சொல்லி, நோட்டையும் அதன் இருபுறத்து நூல்களையும் சேர்த்துப் பிடித்து, அவர் விரலால் ஈர்க்குச்சியைப் பிடிக்க வைத்தேன். குச்சி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்தார்.

“பூச்சி பொய் சொல்லாதுங்க சார்.”

பேராசிரியர் குச்சியை இன்னொரு முறை உருவி நுழைத்துப் பார்த்தார். பிறகு அம்மையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான்தான் வச்சேன்.”

“நீயா? நான் எத்தன வாட்டி எடுத்துக் கீழ வச்சேன்!”

“நீங்க பத்து வாட்டி கீழ வச்சீங்க. பதினோராவது வாட்டி நான் மேல வச்சேன். அப்புறம் நீங்க அந்தப் பக்கமே வரல. கீழ்த்தட்டுல அந்த அகராதியைத் தள்றதுக்கு ஆள் வேணும். உக்காந்து காய் அரியறப்ப கைக்கு எட்ற தட்டு இதுதான்.”

“கெமிஸ்ட்ரியில சமையலா?”

“உப்பும் புளியும் வேற இன்னாவாம்? உங்க காலேஜ் பசங்கள விட ஒழுங்கா கலக்குனவ நான்.”

பாய் வாசலில் நின்றபடி கைதட்டினார். பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கடிதத்தைக் கொண்டு வரச் சொன்னார். வேதியியல் குறிப்பின் ஓரத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘நான்காவது நூல் என் மனைவியுடையது. அதில் உள்ள அளவுகள் திருத்தத்துக்கு உட்பட்டவை அல்ல.’

குச்சியை உருவப் போனேன். “இருக்கட்டும்” என்றார். “அது கைல பட்டா நாலாவதுன்னு தெரியும்.”

ஆகவே குச்சி அந்த நோட்டிலேயே இருக்கிறது. அன்று அவர் யாரையும் கேளாமல் எடுத்துத் தந்த நூலும் அதுதான். எலுமிச்சை ஊறுகாயில் தொடங்கி நான் உரக்கப் படித்தேன். என் மனைவி தாளும் பேனாவும் எடுத்து வந்து, ஓட்டை விழுந்த எழுத்துகளை மட்டும் அம்மையாரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.