கைப்பேசியோடு உள்ளே போனவர்

என் கணவர் காலையில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால், நான் ஒரு ஈடு இட்லி இறக்கி அடுத்த ஈட்டையும் ஊற்றிவிடுவேன், கதவு திறக்காது. உள்ளேயிருந்து கைப்பேசிச் சத்தம் மட்டும் வரும். முதலில் அவருடைய மண்டிக்கு வருகிற தோல் வியாபாரிகளின் குரல் செய்திகள், ஈரோட்டில் என்ன விலை, வாணியம்பாடிக்கு லாரி கிளம்பியதா என்று. அதன் பிறகு யாரோ மலையில் வண்டி ஓட்டுகிற வீடியோ. அதன் பிறகு சமையல் வீடியோ. வீட்டில் ஒரு வெந்நீர் போட்டுத் தந்திராத மனுஷர், அங்கே உட்கார்ந்து ஆட்டுக்கால் பாயா செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்.

"உள்ள தனிக் குடித்தனமே போயாச்சா?" என்று கதவைத் தட்டுவேன்.

"செத்த நேரம் இரு. இன்னும் முடியல" என்பார்.

முடியாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு பாங்கு சொல்வதற்கு முன்பே எழுந்துவிடுவார். வயிறு முழுதாகக் காலியாகாமல், தொழுகைக்கு முன்னால் கை, கால், முகம் கழுவி ஒளு செய்தால் அது நிற்குமோ நிற்காதோ என்ற சந்தேகம் அவருக்கு இளவயதிலிருந்தே உண்டு. ஆகவே துளி மிச்சமில்லை என்று மனது சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். முன்பெல்லாம் அது சீக்கிரமே முடிந்துவிடும். புது வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, கையில் கைப்பேசியும் வந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. தொழுகை விஷயம் என்பதால் நானும் கேலியோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படிப்பட்டவர் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினார். முதலில் சுபுஹு நின்றது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குத் தெருவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிற நேரத்தில், இவர் கூடத்தில் படுத்திருந்தார். தலைவலி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் தலைவலி. பள்ளிவாசல் நிர்வாகத்தோடு சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றார். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன், போனில் வேறு எவளாவது இருக்கிறாளா என்று. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் அவர் கொல்லையில் குத்தவைத்துத் தன் கைலியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டை நனைத்தவரில்லை. நான் போய்ப் பிடுங்கினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. சூடு."

"சூட்டுக்கு ரத்தமா வரும்?"

அவர் ஈரக் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். மாசக் கணக்காக வருகிறதாம். வலி கிடையாது, போய் முடித்ததும் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுமாம். ரத்தம் வந்தால் ஒளு முறிந்துவிடும். வரிசையில் நிற்கும்போது வெள்ளைக் கைலியில் கறை பட்டால் பின்னால் இருப்பவர் பார்ப்பார். அதனால்தான் பள்ளிக்குப் போகவில்லை.

"அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துருக்கு" என்றார் கடைசியாக.

அவருடைய அண்ணன், என் மூத்தார், முந்தின வருஷம் பெருங்குடலில் புற்றுநோய் வந்து மௌத்தாகிப் போனவர். நல்ல ஆகிருதியான ஆள், கடைசியில் ஒரு கைப்பிடியாகக் கிடந்ததை இவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்த வீட்டில் அப்போது நான் பார்த்த கட்டில் என் கண்ணுக்குள் வந்து நின்றது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்தே மாசக் கணக்காக மூடி வைத்திருந்தீர்களா, நான் என்ன செத்தா போனேன் என்று கத்தினேன்.

"டாக்டர்ட்ட போனா புத்துன்னு பேரச் சொல்லிருவாரு. சொல்லாத வரைக்கும் கடைக்காவது போயிக்கிட்டு இருப்பேன்ல" என்றார்.

இதற்கு நடுவில் அவராக ஒரு வைத்தியமும் பார்த்திருந்தார். பேருந்து நிலையம் பக்கம், ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும் என்று போர்டு வைத்த ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். புற்று என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு மூலத்துக்குப் பொடி சாப்பிடுகிற கணக்கு என்ன கணக்கோ. அந்த ஆள் சோதித்தாரா என்று கேட்டேன். நாடி பிடித்தாராம்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாரீகளா, இல்ல மதினிகிட்ட இப்பவே போன் போட்டுச் சொல்லவா?" என்றேன். மூத்தாரின் மனைவியைத்தான் அவர் மதினி என்பார். மதினி காதுக்கு இது போகக் கூடாது என்பதில் இவருக்கு அப்படி ஒரு பயம். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் இன்னொரு தடவை அதே செய்தியைச் சொல்வதா என்று. அந்தப் பயத்தை நான் இரக்கமில்லாமல் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வந்தார்.

அறுவை சிகிச்சை மருத்துவர் இள வயதுக்காரர். கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"பாய், எவ்வளவு நேரம் உள்ள உக்காருவீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். இட்லி ஈட்டுக் கணக்கில் நான் பதில் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை. கடையில் வந்தால் போவீர்களா என்று கேட்டார். தோல் மண்டிக் கழிவறை நாற்றத்தில் யார் போவது, அடக்கிக்கொள்வேன் என்றார் இவர். தண்ணீர்? டீதான். பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். உள்ளே கையுறையின் சத்தம், "மூச்ச நல்லா விடுங்க" என்கிற குரல், இவருடைய ஒரு முனகல்.

வெளியே வந்து மருத்துவர் சொன்னார்.

"உள்மூலம் இருக்கு, கண்ணால பாத்துட்டேன். நல்லா வீங்கியிருக்கு. அந்த சீட்ல நடுவுல ஓட்டை. உக்கார உக்கார கீழ தாங்க ஒண்ணும் கிடையாது. ஆசனவாயச் சுத்தி இருக்குற ரத்தக் குழாய்கள்ல ரத்தம் தேங்கும். அதோட மூச்ச அடக்கி முக்கினா புடைச்சுக்கிட்டு வரும். கையில போன் இருந்தா நேரம் போறது தெரியாது, உக்காந்தே இருப்பீங்க."

"எனக்கு இன்னும் பாக்கி இருக்குற மாதிரியே இருக்கும் டாக்டர். சுத்தமாகாம எப்படி ஒளு செய்யுறது?" என்றார் இவர்.

"அது மலம் இல்ல பாய். வீங்குன மூலமே அந்த மாதிரி தோண வைக்கும். அதப் போயி வெளியேத்தணும்னு முக்குறீங்க. முக்க முக்க இன்னும் வீங்குது. இன்னும் பாக்கி இருக்குன்னு தோணுது."

சுத்தமாக வேண்டும் என்று வருஷக் கணக்கில் உட்கார்ந்ததுதான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றியது. அப்பாடா, மூலம்தான். மருத்துவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மூலம் இருக்குங்குறதுக்காக வேற ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது. ரெண்டும் சேந்தும் இருக்கலாம். கூடப் பிறந்தவருக்குக் குடல்ல வந்துருக்கு. கேமரா விட்டுப் பெருங்குடல் முழுசும் பாத்துருவோம்."

அந்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம்தான் நாள் கிடைத்தது. அந்த வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருத்துவர் சொன்னதை மட்டும் சட்டமாக்கினேன். கைப்பேசி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் இருக்கும், உள்ளே போகாது. காலுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலி; முழங்கால் இடுப்பைவிட உயரமாக வரும்படி வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். முக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். வயிறு கூப்பிடும்போது மறுபடி போகலாம், கூப்பிட்டால் அடக்கக் கூடாது. கடைக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். சோற்றைவிடக் கீரையும் அவரைக்காயும் தட்டில் கூடுதல், சாயங்காலம் கொய்யா. இரவில் மலம் இளக இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன்.

முதல் நாள் உள்ளே போனவர் அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்தார். முகம் அப்படி வெளிறியிருந்தது. "வரல. ஆனா பாக்கி இருக்கு" என்றார்.

"அது மூலம். எந்திரிச்சு வந்ததே போதும்."

"ஒளு…"

"மண்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஹஜ்ரத்கிட்டயே கேட்டுட்டுப் போங்க."

எங்கள் இமாமைத்தான் சொன்னேன். இவர் போய் என்ன கேட்டாரோ, அவர் என்ன சொன்னாரோ. வந்து, "சந்தேகத்துக்காக உடம்பக் கெடுத்துக்காதீங்கன்னுட்டாரு" என்றார். எழுந்து வருவது பழகியது. வாரம் முடிவதற்குள் ரத்தம் குறைந்தது. நான் குதிக்கப் போனேன். உடனே மருத்துவர் சொன்னது நினைவு வந்தது. குறைந்தால் மட்டும் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. குறைந்ததைப் பார்த்துப் பரிசோதனையே வேண்டாம் என்று இவர் கிளப்பினார். நான் மதினியின் எண்ணை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

முந்தின நாள் வயிற்றைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீரைக் கொடுத்தார்கள். மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோனதும் நான் நடைபாதையில் நடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் என் வீட்டு ஆளோ என்று நின்றேன். என் மகளை என்ன சொல்லித் தேற்றுவது, மண்டியை யார் பார்ப்பது என்றெல்லாம் கேவலமாக மனது கணக்குப் போட்டது. மனதின் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

மருத்துவர் வந்து, "குடல் சுத்தமா இருக்கு. மூலம் மட்டும்தான். இப்ப செஞ்சுக்கிட்டு இருக்குறதையே செய்ங்க. ரத்தம் நிக்கலன்னா ரப்பர் வளையம் போடலாம். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வார்டில் இவர் மயக்கம் தெளிந்து, நான் சொன்னதைக் கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மதினிக்கு அவரே போன் போட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை, நல்ல செய்திதானே என்றார். ஸ்பீக்கரில் போட்டு, ரத்தம் வந்ததிலிருந்து, போர்டு வைத்தவரிடம் வாங்கிய பொடியிலிருந்து, எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

சொல்லி முடித்துவிட்டுப் போனை எடுத்துத் திரையைப் பார்த்தார்.

"மதினி? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் தம்பி. டாக்டரு உள்ள பாத்துத்தான் மூலம்னு சொன்னாரா?"

"ஆமா மதினி. கேமரா விட்டே பாத்துட்டாரு."

"உங்க அண்ணனும் மூலம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக" என்றார் மதினி. "ஒண்ணரை வருஷமா. அதே ஆளுகிட்டதான் பொடி வாங்கித் தின்னாக. ஒருத்தரும் உள்ள பாக்கல தம்பி."