பதினான்கு குப்பிகள்

நான் கணக்கு பார்க்கும் மருத்துவமனை மதுரையில் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடக் கணக்கை முடிக்கும் பங்குனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து ஸ்டோரில் இருக்கும் எல்லாவற்றையும் கையால் எண்ணி, கம்ப்யூட்டர் தாளோடு ஒத்துப் பார்ப்போம். நாள் கிழமைகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஞாயிறுக்கு நேரே நான் எழுதியிருப்பது ஒரே வரி: "ஸ்டோர் எண்ணிக்கை, மின்விசிறி ஓடவில்லை." மற்றது எழுதாமலே நினைவில் இருக்கிறது.

ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த பார்மசிஸ்ட் வில்லாபுரத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்னை அண்ணே என்பார். மாத்திரை அட்டைகளை அவர் எண்ணிச் சொல்லச் சொல்ல நான் தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். அங்கங்கே ஒன்றிரண்டு கூடும், குறையும். எல்லா வருடமும் அப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் போடுகிற, விலை கூடிய ஒரு ஆன்டிபயாடிக் ஊசி மருந்துக்கு வந்தோம். பொடியாக வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி. தாளில் நூற்று நாற்பது இருந்தது. அலமாரியில் ஐம்பத்து நாலு.

"இன்னொரு வாட்டி எண்ணுவோம்ணே," என்றார். எண்ணினோம். ஐம்பத்து நாலுதான். எண்பத்தாறு குப்பிகளைக் காணோம்.

அவர் அலமாரிக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு அடியில், காலி அட்டைப் பெட்டிகளுக்குள் என்று தேடினார். எங்கேயும் இல்லை என்பது தெரிந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை நிர்வாக மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பேச்சை என்னைப் பார்த்தே பேசினார். பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவே இல்லை.

"வெளியில இது எம்புட்டுக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? சட்டைப் பையில ரெண்டு போட்டுக்கிட்டுப் போனா எந்த வாட்ச்மேன் கண்டுபிடிப்பான்? சாவி ஒருத்தர்கிட்டதான இருக்கு."

"நான் எடுக்கல சார்," என்றார் பார்மசிஸ்ட்.

"எடுத்தேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள எங்க போச்சுன்னு காமிங்க. இல்லாட்டி போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

வெளியே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றோம். மதுரையில் மருந்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மருந்து திருடியவன் என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால், எந்தக் கடை வாசலிலும் அவரை ஏற்ற மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"ஜெயிலுக்குப் போறதுகூடப் பரவால்லண்ணே. பொய்ப் பேரோட எங்கிட்டுப் போறது?" என்றார்.

கணக்கு ஒத்துப் போகாதபோது பொருளைத் தேடுவதைவிட, பொருள் உள்ளே வந்த வழியையும் வெளியே போன வழியையும் தேடுவதுதான் முறை. வெளியே போனதில் தவறில்லை. நோயாளிகளின் பில்லில் குப்பி குப்பியாகத்தான் ஏறியிருந்தது. பிறகு உள்ளே வந்ததைப் பார்த்தேன். கடைசியாக மாசி மாதம் இருபது பெட்டி வாங்கியிருக்கிறோம். கம்ப்யூட்டர் இருநூறு குப்பி என்று காட்டியது. பெட்டிக்குப் பத்து. மருத்துவமனை தொடங்கியபோது யாரோ பதிந்து வைத்த கணக்கு அது. பெட்டி எத்தனை என்று மட்டும் நாம் அடித்தால், பத்தால் பெருக்கி அதுவே ஏற்றிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டோருக்குப் போய் பார்மசிஸ்ட்டிடம் அந்த ஊசி மருந்தின் காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். பெட்டி பழைய அளவுதான். திறந்து பார்த்தால், உள்ளே ஐந்து குப்பிதான் வைக்க இடம். மீதி இடத்தை அட்டையை மடித்து அடைத்திருந்தார்கள். கம்பெனி பெட்டிக்கு ஐந்து என்று மாற்றிவிட்டது. மேலே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. வாங்கியது நூறு, ஏற்றியது இருநூறு. சப்ளையர் பில்லை எடுத்து விலையைக் குப்பிக்கு வகுத்துப் பார்த்தேன், அதுவும் ஐந்து என்றுதான் சொன்னது.

அவர் அந்தப் பெட்டியை வாங்கி, மடித்த அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். "பெட்டிய வெட்டி அலமாரில அடுக்குனதே நாந்தாண்ணே. அஞ்சஞ்சாத்தான் எடுத்து வச்சிருக்கேன். தோணவே இல்ல."

விஷயம் முடிந்தது என்று நினைத்து மேனேஜரிடம் போனோம். அவர் படித்த மனிதர், கணக்கில் கெட்டி. கேட்டுவிட்டுக் காகிதத்தில் ஒரு கழித்தல் போட்டார்.

"சரி, நூறு கூடுதலா ஏறிடுச்சு. அப்ப நூறுல்ல குறையணும்? எம்பத்தாறுதான குறையுது. மிச்சம் பதினாலு எப்பிடி அலமாரிக்கு வந்துச்சு?" இப்போதுதான் பார்மசிஸ்ட்டை நிமிர்ந்து பார்த்தார். "எடுத்த ஆளு, எண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சு பயந்து, கையில இருந்த பதினால திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்கான். எடுத்தது இன்னும் எம்புட்டோ."

குறைந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டோம். இப்போது கூடியதற்குச் சொல்ல வேண்டும். கணக்கில் கூடுதல் என்பது குறைவைவிட மோசம். ஒன்றுக்கு மேற்பட்ட தப்பு நடந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மருந்துப் பேரை வைத்து மொத்தமாக எண்ணியிருந்தோம். புதன்கிழமை, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று குப்பி மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணை வைத்துப் பிரித்து எண்ணினோம். மாசியில் வந்த பேட்ச் நாற்பது. பின் வரிசையில் இருந்த பதினாலும் அதற்கு முந்தைய பேட்ச். தாளில் அந்தப் பழைய பேட்ச் சுத்தமாகத் தீர்ந்து பூஜ்யத்தில் நின்றது. அத்தனையும் யாருடைய பில்லிலோ ஏறி, ஸ்டோரை விட்டுப் போன குப்பிகள்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "இது மேல வார்டுலருந்து திரும்பி வந்ததுண்ணே," என்றார்.

பிறகு சொன்னார். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு, மீந்த மருந்தை நர்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் திருப்பி அனுப்புவார். அதற்குப் பிறகுதான் கடைசி பில். இறந்துபோகிறவர்களுக்கு முறை தலைகீழ். சொந்தக்காரர்கள் உடலை எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் போக வேண்டும் என்று நிற்பார்கள். பில்லை முதலில் போட்டுவிடுவோம். பில் முடிந்ததும் அந்த நோயாளியின் எண் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எதைத் திருப்பிப் போட்டாலும் கம்ப்யூட்டர் வாங்காது. இறந்தவருடைய மருந்துத் தட்டை வார்டில் வைத்திருக்க எந்த நர்ஸும் சம்மதிப்பதில்லை. அடுத்த ஆள் வருமுன் கட்டிலைத் துடைப்பதோடு சேர்த்துத் தட்டையும் காலி பண்ணி, ஆயாவிடம் கூடையில் கீழே கொடுத்துவிடுவார்கள்.

"நானும் அத உடனே அடுத்த ஆளுக்குக் குடுக்க மாட்டேண்ணே. நல்ல மருந்துதான், சீல்கூட ஒடைக்காதது. இருந்தாலும் மனசு வராது. பின்னாடி தள்ளி வச்சிருவேன். முன்னாடி இருக்கது தீரட்டும்னு."

அந்த மனசு வராததால்தான் பதினாலும் பின் வரிசையில் தப்பிக் கிடந்தன. முன்னால் வைத்திருந்தால் எப்போதோ கலந்து போயிருக்கும், நிரூபிக்க வழியே இருந்திருக்காது.

பழைய பேட்ச் ஏறிய பில்களில், இறந்தவர்கள் மூன்று பேர். மூவருடைய கேஸ் ஷீட்டையும் வார்டு சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். பில்லில் ஏறிய குப்பிகளிலிருந்து, போட்டதாக நர்ஸ் கையெழுத்திட்டவற்றைக் கழித்தேன். ஆறு, ஐந்து, மூன்று. பதினாலு.

வியாழக்கிழமை அதை மேனேஜர் மேஜையில் வைத்தேன். மூன்று கழித்தலையும் அவரே போட்டுப் பார்த்தார். திருட்டு இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதோடு, மூன்று குடும்பங்கள் போடாத ஊசிக்குப் பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதும் புரிந்துவிட்டது.

"போலீஸ் வேணாம். பெட்டிக் கணக்க மாத்திருங்க. பதினால, எண்ணிக்கையில கூடுதல்னு ஒரே என்ட்ரியா ஏத்திருங்க," என்றார்.

"அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கணுமே சார்," என்றார் பார்மசிஸ்ட்.

"உங்க மேல இருந்த பழி போயிருச்சுல்ல? போயி வேலையப் பாருங்க."

அவர் வேலையைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் என் அறைக்கு வந்து, அந்த மூன்று பேருடைய போன் நம்பரைக் கேட்டார். "நாலு நாளு என்னையக் கள்ளன்னு சொன்னாங்கண்ணே. அந்தக் குப்பிய அலமாரில பாக்கறப்பல்லாம் நெசமாவே களவாண்ட பொருள் மாதிரி இருக்கு. விசயத்தச் சொல்லிருவோம். வந்து கேட்டா ஆபீஸ்ல குடுத்துத்தான ஆகணும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தேன்.

முதலில் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் குடும்பத்துக்குப் போன் போட்டார். தை மாதம் இறந்த பெரியவரின் மகன் எடுத்தான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வயலில் நின்றிருப்பான் போல. போனை ஸ்பீக்கரில் போட்டு, இவர் பக்குவமாகத்தான் சொன்னார். உங்கள் அப்பாவுக்கு வாங்கிய ஊசியில் ஆறு மிச்சம் இருக்கிறது, திருப்பி வரவு வைக்க விட்டுப்போச்சு, ஆஸ்பத்திரி வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

மோட்டார் சத்தம் நின்றது.

"ஆறு ஊசி போடலையாண்ணே?" என்றான்.

"இல்லப்பா, அது என்னன்னா..."

"டாக்டரு எழுதுன ஊசிதான? நாங்க பணங் கட்டி வாங்குன ஊசிதான? அத ஏன் போடல? போட்டிருந்தா எங்கய்யா பொழச்சிருப்பாரா?"

இரண்டு நாளுக்குச் சேர்த்து மருந்து மேலே வார்டுக்குப் போகும், அவர் முதல் நாளே இறந்துவிட்டார், இறந்தவருக்கு ஊசி போட முடியாது. இதுதான் பதில். இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் போனை வாங்கிச் சொல்லிப் பார்த்தேன். கணக்காக நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் இவர் போன் போடவில்லை.

திங்கட்கிழமை அவன் தாயோடும் மாமன் மச்சான்களோடும் வந்தான். அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம், "ஆறு ஊசியாம்மா. ஆறு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கீழே இறங்கி வந்து கேஸ் ஷீட்டைக் காட்டி விளக்கினார். ஆறு குப்பிக்கான பணத்தையும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மகன் உறையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். அவர்கள் நம்பினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாய்க்கு இனி அது தீராது என்பது மட்டும் தெரியும்.

அந்த வாரமே பார்மசிஸ்ட்டை அனுப்பிவிட்டார்கள். திருட்டுக்காக இல்லை. நோயாளியின் விவரத்தை வெளியில் சொன்னதற்காக. நம்பரைக் கொடுத்தது நான்தான் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "தெரியும் சார். வருசக் கணக்கு முடிக்க ஆள் வேணும்ல," என்றார். பார்மசிஸ்ட் போன பிறகு மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. அவர்களுடைய எட்டுக் குப்பிகளும் கூடுதல் என்று ஏறி, வேறு யாருக்கோ போடப்பட்டுத் தீர்ந்தன.

அவரை ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பதாகச் சொன்னார். பெட்டிக்கு எத்தனை என்று கேட்டு அடுக்குகிற வேலை. "மருந்துக் கடைக்கு ஏன் போகல?" என்று கேட்டேன்.

"கூப்புடுறாங்கண்ணே. களவாணின்னு யாரும் சொல்லல, பேரு நல்லாத்தான் இருக்கு. குப்பியக் கையில எடுத்தா அந்தம்மா சத்தம் கேக்குது." பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் இப்போது முறையை மாற்றிவிட்டோம். யாராவது இறந்தால், தட்டு கீழே வந்து, குப்பிகளை எண்ணி, வரவு வைத்த பிறகுதான் கடைசி பில். அதுவரை உடலைத் தர முடியாது. சொந்தக்காரர்கள் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இந்தப் பங்குனியில் அந்த ஊசி மருந்து தாளோடு சரியாக ஒத்துப் போனது.