வளையல் வழக்குக்கு ஆறு சாட்சிகள்

பாலிகஞ்சில் நான் அரசியல் அறிவியல் நடத்தும் பள்ளியில், பதினோராம் வகுப்புக்கு மாதிரி நீதிமன்றம் வைப்பதென்று முடிவானது. வழக்குக் கோப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. குற்றச்சாட்டு, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தகவல்கள், வீட்டின் வரைபடம், தரப்புக்கு மூன்றாக ஆறு வாக்குமூலங்கள், வக்கீல் யார் சாட்சி யார் என்ற பட்டியல். சாட்சியாக நடிப்பவர் வாக்குமூலத்தில் இல்லாத எதையும் இட்டுக்கட்டக் கூடாது. ஆகவே தேவையானதெல்லாம் அதில் முன்பே இருந்தாக வேண்டும்.

ஒரு வீட்டில் தங்க வளையல் காணாமல் போகிறது. சமையல்காரப் பெண்மீது புகார். இதுதான் நான் எழுதிய வழக்கு.

என் நாத்தனார் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். கோப்பைச் சரிபார்த்து, வழக்கு நடக்கும் நாளில் நீதிபதியாகவும் உட்காருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். ஞாயிறன்று ஜாதவ்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, புகார்காரியின் வாக்குமூலத்தைப் படித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“‘அவளைத் தவிர அந்த ரூமுக்குள்ள யாரும் போகல.’ இது நான் சொன்னதுதானே?”

“கதைதான், அக்கா.”

பொய். இரண்டு வருடத்துக்கு முன் தன் வளையல் காணாமல் போனபோது அவர் இதையே சொல்லித்தான் தன் வீட்டுச் சமையல்காரப் பெண்ணை விரட்டினார். அவள் எடுத்திருக்க மாட்டாள் என்று நான் நம்பினேன். ஆனால் சொல்லவில்லை.

“அன்னிக்கு என் வீட்ல சாப்பிட்டுட்டு வாயே திறக்காம போன. இப்ப பசங்களை விட்டு என்னைக் குறுக்கு விசாரணை பண்ண வைக்கிறியா?”

என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

நாத்தனார் கோப்பை என் பக்கம் தள்ளினார். “வக்கீலாவே சொல்றேன், கேட்டுக்கோ. புகார்காரிக்கு அஞ்சு வரி, அவளுக்கு ரெண்டு பக்கம். அரசுத் தரப்புப் பசங்க எதை வச்சு வாதாடுவாங்க? குற்றம் சாட்டப்பட்டவளை நீ சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது. அவளே எழுதிக் கேட்டாத்தான் உண்டு. இது வழக்கே இல்ல. நீ முன்னாடியே எழுதி வச்ச தீர்ப்பு.”

“சரி, நீங்க நீதிபதியா வர்றீங்களா?”

“என்னை நானே விசாரிக்கவா?” போட்ட டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. அந்த வாரம் முழுக்கத் திருத்தினேன். சமையல்காரியை, அறைக்குள் போகவே இல்லை என்று முதலில் சொல்லி, பிறகு தரை துடைக்கப் போனதாக மாற்றிச் சொல்லவைத்தேன். அவள் சாட்சி சொல்ல விரும்பி எழுதிய மனுவையும் சேர்த்தேன். புகார்காரிக்குக் காலையில் வளையலைப் பெட்டியில் பார்த்த நேரத்தைக் கொடுத்தேன். அது அவள் இறந்துபோன அம்மாவின் வளையல் என்றும் எழுதினேன். நாத்தனார் தொலைத்ததும் அப்படிப்பட்டதுதான். அந்த வரியை எழுதும்போதும் அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

புதுக் கோப்பைக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். “வேண்டாம்னுட்டா” என்று திருப்பிக் கொண்டுவந்தார்.

ஒரு மாணவியின் அப்பா, அவரும் வக்கீல்தான், நீதிபதியாக உட்கார்ந்தார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்றார். புகார்காரியாக நடித்த பெண், தான் சொன்னதை யாரும் நம்பவில்லையே என்று தாழ்வாரத்தில் நின்று கத்தினாள்.

அந்த வருடத் துர்கா பூஜைக்கு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.