எண்பதாம் போர்ட்டில் மத்திகிரி பஸ்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு காலை கரண்ட் போய் வந்தது. சர்வர் தானாக எழுந்தது. ஷிப்டு உற்பத்தியைப் பதிய நான் எழுதிய வெப் புரோகிராமை வழக்கம்போல் கையால் ஓடவிட்டேன். பிரௌசர்கள் வந்து தட்டும் வாசலான எண்பதாம் போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. ஒரு போர்ட்டில் ஒரு புரோகிராம்தான் காத்திருக்க முடியும்.

"ரெண்டு மணி ஷிப்டுக்குள்ள வரலேன்னா பழையபடி நோட்டுல எழுதறதுதான்மா," என்றார் மேனேஜர்.

போர்ட்டுகளின் நிலையைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். போர்ட்டில் யாரோ இருப்பதைக் காட்டியது, யாரென்று காட்டவில்லை. ஓடுகிற புரோகிராம்களைத் தாளில் வரிசையாக எழுதினேன். பதினொன்று. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதற்கு முன், இருப்பவரிடமே கேட்கலாமே என்று பிரௌசரில் சர்வரின் பெயரை அடித்தேன்.

மத்திகிரி டவுன் பஸ் நேரங்கள் வந்தன.

எங்களில் மத்திகிரியில் குடியிருந்தவர் தரச்சோதனைப் பிரிவு அண்ணன் ஒருவர்தான். கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, வந்துருச்சா! பஸ் நேரம் காட்ட போன வாரம் இதுல ஒரு வெப் சர்வர் புரோகிராம் போட்டேன்மா. ராத்திரி பகல் அணைக்காத மெஷின் இது ஒண்ணுதானே. ஆனா வரவே இல்ல, என் தப்புன்னு விட்டுட்டேன்."

"அப்ப அந்த போர்ட்ல என் புரோகிராம் இருந்துச்சு அண்ணா. இன்னிக்கு மெஷின் எழும்போதே உங்களுது தானா ஓடி முந்திக்கிச்சு."

அவருடைய வெப் சர்வரை எண்பத்தொன்றாம் போர்ட்டுக்கு மாற்றினேன். என் பக்கம் ஒன்றரைக்குத் திறந்தது. மேனேஜர் இரண்டையும் பார்த்துவிட்டு, "அந்த பஸ் பக்கமும் இருக்கட்டும்," என்றார்.