ஒரே வண்டி, இரண்டு தேதி

வீட்டில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பேர். புருஷன் வாடகை வேன் ஓட்டினான். கண்ணாடியில் ஒட்டிய டோல் டேக்கில் ரீசார்ஜ் செய்வதும், எந்த டோலில் எவ்வளவு பிடித்தார்கள் என்று ஆப்பில் பார்ப்பதும் அவள் பொறுப்பு. மருந்துக் கம்பெனியில் நாளெல்லாம் மாத்திரை அட்டை அடுக்கி இடுப்பு ஒடிந்து வந்தாலும், அதைப் பார்க்காமல் படுக்கமாட்டாள். "நான் எங்க டீ குடிச்சேன்னும் சொல்லுதா அது?" என்று அவன் சீண்டுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அவளோடு சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுத்தவன் திரும்பவேயில்லை. போனும் அணைந்து கிடந்தது. போலீஸும் கொழுந்தனும் மலைப்பக்கம் ரோடு ரோடாகத் தேடினார்கள். வெள்ளிக்கிழமை ஆப்பில் ஒரு வரி வந்தது: மலையடி டோலில் எண்பத்தைந்து ரூபாய் பிடித்தம். செவ்வாயன்றும் அங்கேதான் பிடித்திருந்தார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கோவத்துல சுத்திக்கிட்டிருக்காரு. தேட வேணாம் சார், அவரா வந்துடுவாரு" என்று நேரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். அவர்களுக்கென்ன, விட்டது தொல்லை. அவள் அன்றே டேக்கில் ஐந்நூறு போட்டாள். பாலன்ஸ் இல்லாமல் கேட்டில் நின்று அவன் அவமானப்படக் கூடாதே. அடுத்த வாரமும் போட்டாள், பைத்தியக்காரி.

பத்து நாளாகியும் வேறு பிடித்தம் எதுவும் வராததால், கொழுந்தனோடு அந்த டோல் ஆபீஸுக்கே போனாள். வெள்ளிக்கிழமை கேமராவில் அவன் முகத்தைப் பார்த்தால் போதும் அவளுக்கு.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் துழாவினார். "அன்னிக்கு உங்க வண்டி வரவேயில்லைங்க. பேங்க்ல இருந்து முழு ஸ்டேட்மென்ட் எடுங்க, ஆப்புல எல்லாம் வராது."

போனிலேயே இறக்கினாள். அதில் இரண்டு தேதிகள் இருந்தன: வண்டி கடந்தது ஒன்று, பணம் பிடித்தது ஒன்று. எண்பத்தைந்து இரண்டு முறை இருந்தது. இரண்டிலும் கடந்த நேரம் செவ்வாய் காலை ஆறு பன்னிரண்டு, மூன்றாவது லேன். இரண்டாவதைப் பிடித்த தேதி மட்டும் வெள்ளி.

"ஒரு தடவ போனதுக்கு ரெண்டு தடவ எடுத்துட்டாங்க. சிஸ்டம் லேட்டா மறுபடி அனுப்பியிருக்கு. புகார் குடுத்தா பணம் திரும்ப வந்துடும்" என்றார் மேனேஜர்.

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. "இதுக்கு அடுத்த டோல் எங்க சார்?"

"மலைக்கு அந்தப் பக்கம். நாப்பது கிலோமீட்டர். நடுவுல பிரியிற ரோடே கிடையாது."

ஸ்டேட்மென்டில் அந்த டோல் இல்லை.

மறுநாள் மதியம், ஏழாவது வளைவுக்குக் கீழே புதருக்குள் வேன் கிடைத்தது, உள்ளே அவன் உடலும். கால் இரண்டும் நசுங்கியிருந்தன, தலையில் அடியில்லை, மூன்று நாலு நாள் உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர்.

"உங்க தப்பு இல்ல அண்ணி" என்றான் கொழுந்தன்.

"தேட வேணாம்னு நான்தானே போய்ச் சொன்னேன்" என்றாள்.