சாட்சிக்குத் தொங்கின புளி

ஜமுனாமரத்தூர் சந்தைக்கிட்ட எங்க மளிகைக் கடையில தராசு புடிக்கிறது நான்தான். எழுத்து தெரியாது, எடை தெரியும். முள்ளு நடுவுல நின்னா எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம்.  அன்னிக்கி ராகிக் களி கூட ருசியா இருக்கும், அத வுடுங்க.

கடை எங்க வூட்டுக்காரருக்கும் அவரு அண்ணனுக்கும் பொதுவு. அந்த மூத்தாரு படவேட்டுல இருந்து மாசாமாசம் வந்து சரக்க எடை போட்டுப் பாப்பாரு. ஒரு தபா புளி மூட்டையில மூணு கிலோ கொறஞ்சிது.

என் மாமியாரு ஒடனே, "அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்கும்"னுச்சி.

மூத்தாரு, "இன்னொரு தபா கொறஞ்சா இவ தராசுல ஒக்கார வேணாம்"னாரு.

வூட்டுக்காரரு எல்லாத்தையும் செவுத்துல சாக்பீசுல எழுத ஆரம்பிச்சாரு. காலிச் சாக்க தனியா எடை போட்டு எழுதினாரு. சிந்தினத கூட்டி டப்பாவுல போட்டு, அதையும் எழுதினாரு. ஈரம் காயறத எப்பிடி எழுதறது? மாசில வாங்கின புளி ஈரமா இருக்கும், வைகாசில காஞ்சி லேசாயிடும். அதனால நான் ஒரு கிலோ புளிய துணியில முடிஞ்சி அதே மூட்டைக்குள்ள போட்டேன். அது எவ்ளோ கொறையுதோ, மூட்டையும் கிலோவுக்கு அவ்ளோ காஞ்சிருக்கும்னு கணக்கு.

மூத்தாரு வந்த அன்னிக்கி மூட்டைய அவுத்தா முடிச்சக் காணோம்.

"முடிச்சி எங்கம்மா?"ன்னு வூட்டுக்காரரு கேட்டாரு.

"தெனம் கொழம்புல கரையுது," மாமியாரு சொல்லுச்சி. "தனியா முடிஞ்சி வெச்சிருந்தா. அம்மா வூட்டுக்கு அனுப்பத்தான்னு எடுத்துட்டேன்."

மூத்தாரு அந்தக் கொழம்பத்தான் சோத்துல ரெண்டாவது தபா ஊத்திக்கினு இருந்தாரு. கைய உதறிக்கினு, "நல்லாத்தான் இருக்குது"ன்னாரு.

அப்புறம் அவரே புது முடிச்சி ஒண்ணு ஒரு கிலோ எடை போட்டு, கடை விட்டத்துல தொங்க வுட்டாரு. "அம்மா, இதுக்கு நீதான் காவலு."

மாமியாரு அதுக்குக் கீழயே ஒக்காந்துக்கிச்சி. அந்த மாசம் பூராவும் சந்தைக்குப் போகல, பக்கத்து வூட்டுக்காரிகிட்ட சண்டைக்குக் கூட போகல. கடையில ஒரே அமைதி, ஈ ஓட்டற சத்தம் தான்.

அடுத்த மாசம் மூத்தாரு வந்து முடிச்ச எடை போட்டாரு. அம்பது கிராம் கொறச்சல்.

"யாரும்மா தின்னது?"

மாமியாரு முடிச்சப் பாத்துச்சி, தராசப் பாத்துச்சி. என்ன மட்டும் பாக்கல.

"காஞ்சிபோச்சி. எழுதுடா."

"தொங்கறது சீக்கிரம் காயும், மூட்டை மெல்லத்தான் காயும்," மூத்தாரு யோசிச்சாரு. "கிலோவுக்கு இருவத்தஞ்சி கிராம் கழிச்சிக்கலாம்."

"முப்பதா எழுது," மாமியாரு சொல்லுச்சி. "இந்த வருசம் காத்து ஜாஸ்தி."

நான் தராசத் தொடைச்சிட்டு அடுத்த ஆளக் கூப்ட்டேன்.