என் பத்திகளுக்கு முன்னால் புள்ளிகள் இல்லை

பேசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பழைய கதிரை. புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மன்னார் அச்சகங்களும் வவுனியா அச்சகங்களும் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும். நான் ஒழுங்குபடுத்தித் திருப்பி அனுப்புவேன். கோயில் மலர், பாடசாலை மலர், இறந்தவர்களுக்குப் போடும் அந்தியேட்டி மலர் என்று பெரும்பாலும் மலர்கள்தான். அவற்றைத் தட்டச்சுச் செய்கிறவர்கள் நல்லவர்கள், ஆனால் கணினியைப் பழைய தட்டச்சுப் பொறி என்றே நினைப்பவர்கள். தலைப்பை நடுவில் வைக்க இடைவெளிக் கட்டையை முப்பது தரம் தட்டுவார்கள். அடுத்த கட்டுரையைப் புதிய பக்கத்தில் தொடங்க என்டர் கட்டையை அமத்திக்கொண்டே இருப்பார்கள், பக்கம் மாறும்வரை. அவர்களுடைய திரையில் எல்லாம் நேராகத்தான் இருக்கும். தாளின் அளவைப் புத்தக அளவுக்கு நான் மாற்றிய உடனே தலைப்புகள் வலப்பக்கம் ஓடி உடையும். பெயர்கள் அடுத்த வரியில் விழும். வெறும் பக்கங்கள் முளைக்கும்.

போன வருடம் வைகாசியில் வவுனியா அச்சக முதலாளி ஒரு கோப்பு அனுப்பினார். "தங்கச்சி, சரியான குப்பையாக் கிடக்கு. ஒருக்காத் துப்புரவாக்கித் தாங்கோ" என்றார். திறந்து பார்த்தேன். அது எங்கள் ஊரின் மலர்.

எங்கள் ஊர் சிலாவத்துறைக்குத் தெற்கே, கடலோரம். சண்டைக் காலத்தில் எல்லோரும் எழும்பி, பல வருடம் பல இடங்களில் இருந்துவிட்டு, பாதிப் பேர்தான் திரும்பிப் போனோம். எங்கள் குடும்பம் பிறகு பேசாலைக்கு வந்துவிட்டது. திரும்பிப் போனதைப் பற்றி ஒரு மலர் போடுவோம் என்று ஊர்ச்சங்கம் முடிவெடுத்தது. ஆசிரியராக என் சினேகிதியைப் போட்டார்கள். அவளும் நானும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. இப்போது அவள் மன்னாரில் ரீச்சர்; மேடைகளில் நன்றாகப் பேசுவாள். அவள் கேட்டுத்தான் நான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஃபோன் எடுத்தாள். "பக்கம் காணாதடி, இடமில்லை. குழுவில உன்ரையை எடுக்கச் சொல்லிப்போட்டினம். எனக்கு மனவருத்தம்தான்" என்றாள். எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் பரவாயில்லை என்று சொன்னேன். மலர் எந்த அச்சகத்துக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மன்னாரில் மூன்று அச்சகம் இருக்க அவள் ஏன் வவுனியாவுக்குப் போனாள் என்பது அந்தக் கோப்பு வந்த அன்றுதான் எனக்கு யோசனைக்கு வந்தது. வவுனியா வேலையும் என்னிடம் வருவது அவளுக்குத் தெரியாது.

எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒரு பிரதியை வேறாகச் சேமிப்பேன். பிறகு, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அமத்துவேன். அதை அமத்தினால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சின்னப் புள்ளியாகவும், ஒவ்வொரு என்டரும் ஒரு பத்திக்குறியாகவும் திரையில் தெரியும். அன்றும் அப்படித்தான். திரை முழுக்கப் புள்ளி. இறால் காயப்போட்ட பாய் மாதிரி. எழுதியவர்களுடைய பெயர்களை வலப்பக்கம் தள்ளுவதற்கு நாற்பது ஐம்பது புள்ளிகள். உள்ளடக்கப் பக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே கையால் அடித்த முற்றுப்புள்ளிகள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் ஐந்து புள்ளி, சில இடத்தில் ஆறு. அவளுடைய கைதான் என்று தெரிந்தது. பாடசாலைச் சோதனைத் தாள்களையும் அவள் இப்படித்தான் அடிப்பாள். எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உள்ளடக்கத்தில் என் தலைப்பு இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு வெற்று வரி அப்படியே கிடந்தது. பக்க எண் முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாவியது. எண்களைக் கையால் அடித்தபடியால் அவை தாமாக மாறவில்லை. போய்ப் பார்த்தேன். என் கட்டுரை இருந்த இடத்தில் பத்திக்குறிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. சரி, எடுத்தது உண்மை என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

இந்த வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. எடுத்த எடுப்பில் வெற்றுப் பத்திகளை எல்லாம் அழித்தால், கவிதைகளில் கண்ணிக்குக் கண்ணி விட்டிருக்கும் இடமும் சேர்ந்து போய்விடும். அதனால் முதலில் தலைப்பு எது, கவிதை எது, எழுதியவர் பெயர் எது என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பாணியைக் கொடுக்க வேண்டும். நடுவில் நிற்பதும், வலத்தில் நிற்பதும், கண்ணிகளுக்கு நடுவே இடம் விடுவதும், புதிய பக்கத்தில் தொடங்குவதும் அந்தப் பாணியின் வேலை. அதற்குப் பிறகுதான் தேடி மாற்றுவது: இரண்டு பத்திக்குறி வருகிற இடமெல்லாம் ஒன்று, இரண்டு இடைவெளி வருகிற இடமெல்லாம் ஒன்று, இனி மாற்ற எதுவும் இல்லை என்று கணினி சொல்லும்வரை. கடைசியாகப் பத்தித் தொடக்கத்தில் ஒட்டி நிற்கும் ஒற்றை இடைவெளி.

பாணி கொடுத்துக்கொண்டு வரும்போது அவளுடைய சொந்தக் கட்டுரை வந்தது. 'ஊர் திரும்பிய நாட்கள்' என்று தலைப்பு. முதற் பத்தி ஐந்து புள்ளி. இரண்டாம் பத்தி ஐந்து புள்ளி. மூன்றாம் பத்தி ஆறு. நான்காம் பத்திக்கு முன்னால் ஒரு புள்ளியும் இல்லை. முதல் வரி உள்ளே தள்ளித்தான் நின்றது, ஆனால் அளவுகோலில் தள்ளி வைத்த மாதிரி, முறையாக. ஐந்தாம் பத்தியும் அப்படி. ஆறாவதும் அப்படி. சொல்லுக்குச் சொல் ஒரே ஒரு இடைவெளி. ஏழாம் பத்தியில் மறுபடியும் ஐந்து புள்ளி.

வாசிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கோப்பில் அப்படி அடிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அந்த மூன்று பத்தியும் என் அப்பாவைப் பற்றியவை. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அப்பா தன் வள்ளத்து எஞ்சினைக் கழற்றி, எண்ணெய்ச் சாக்கில் சுற்றி, கிணற்றடிக்குப் பின்னால் மண்ணுக்குள் தாட்டார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, கிணறும் பற்றைக்குள் போய்விட்டது. மண்வெட்டியோடு பதினொரு நாள் தோண்டினார். எஞ்சின் வரவில்லை. பக்கத்து வீட்டார் சேலையில் சுற்றித் தாட்ட பித்தளைக் குடம் வந்தது. அதைக் கழுவித் துடைத்து, அவர்கள் இந்தியாவிலிருந்து வரும்வரை வைத்திருந்து கொடுத்தார். கொடுத்த அன்று பின்னேரம்தான், எஞ்சினுக்காக முதன்முதலாக அழுதார். அதை நான் ஒருத்திதான் கண்டேன். வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரையில்தான் முதலில் எழுதினேன்.

அவள் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை. 'அப்பா' என்றுதான் நான் எழுதியிருந்தேன். யாருடைய பெயருக்குக் கீழே வருகிறதோ, அவருடைய அப்பா. அவளுடைய தகப்பனார் மன்னாரில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை பார்த்தவர். வள்ளத்தில் ஏறியே அறியாதவர்.

சனிக்கிழமை மன்னாருக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் சிரித்தாள். கோப்பு என்னிடம் வந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உனக்கோ அனுப்பினவர்?" என்று கேட்டாள். அவளுடைய முதற் கேள்வி அதுதான்.

"ஏனடி இப்பிடிச் செய்தனி?"

"குழுதான் உன்ரையை எடுக்கச் சொன்னது. அந்தப் பகுதி வீணாப் போகக் கூடாதெண்டு நான் சேர்த்தனான்."

"உன்ர பெயரிலயோ?"

அவள் அழுதாள். "உன்ர அப்பா எனக்கும் அப்பா மாதிரித்தானே. உங்கட வீட்டில சாப்பிட்டுத்தானே நான் வளர்ந்தனான்."

அது பொய்யில்லை. எங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையில்தான் சாப்பிட்டாள். அம்மா மீன் பொரித்தால் அவளுக்கும் ஒரு துண்டு ஒதுக்கி வைப்பார். அதைச் சொல்லி அவள் அழுதபோது எனக்கு மேலும் கசந்தது. ஆனாலும் மனம் இளகியது. கடைசியில் அவளே சொன்னாள்: "நான் அச்சகத்துக்கு எழுதுறன். அந்த மூண்டு பத்திக்கும் மேல உன்ர பெயரைப் போடச் சொல்லுறன். நீ போ." நம்பித்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அச்சக முதலாளி அவளுடைய செய்தியை எனக்குத் தள்ளிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. 'என் கட்டுரையில் உள்ளடக்கத்தில் மாற்றம் இல்லை. தலைப்பை மட்டும் மாற்றவும்' என்று இருந்தது. புதிய தலைப்பு: 'அப்பா தோண்டிய மணல்'. அது நான் என் கட்டுரைக்கு வைத்த தலைப்பு.

அந்தச் செய்தியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. முதலில் எடுத்ததையாவது ஆசை என்று விடலாம். இது, நான் அவளுடைய வீட்டுக்குப் போய், கண்ணீரைப் பார்த்து, திரும்பி வந்ததற்குப் பிறகு செய்தது.

முதலாளிக்கு ஃபோன் எடுத்து எல்லாம் சொன்னேன். நான் அவளுக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் காட்டுவேன் என்றேன். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "தங்கச்சி, நீங்கள் பொய் சொல்ல மாட்டியள். ஆனா அவதான் ஆசிரியர். சங்கம் கையெழுத்து வைச்சுத் தந்தது. நான் அதில கை வைக்க ஏலாது." சங்கத் தலைவருக்கு எழுதினேன். உங்களுக்குள் பேசித் தீருங்கள் என்று பதில் வந்தது.

அந்த மலரில் இருபத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். சிறுவர்களின் கவிதைகள் இருந்தன. இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? இருபது பேருடையதையும் வரி வரியாகத் துப்புரவாக்கினேன். உள்ளடக்கத்தைத் தலைப்புகளிலிருந்து தானாக வரும்படி செய்தேன். நூற்றுப் பதினெட்டுப் பக்கம், அவளுடைய கட்டுரையையும் சேர்த்தே, தொண்ணூற்றாறாக வந்தது. பக்கம் காணாது என்று சொன்னாளே! என்னுடையதைப் போல மூன்று கட்டுரைக்கு அதில் இடம் இருந்தது.

அவளுடைய கட்டுரையை மட்டும் நான் தொடவில்லை. அதைத் துப்புரவாக்கினால் அவளுடைய பத்தியும் என்னுடைய பத்தியும் ஒரே மாதிரி ஆகிவிடும். அந்த வேலையை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேறு கோப்பாக, புள்ளிகளோடேயே, திருப்பி அனுப்பினேன். வேறு யாரோ செய்து கொடுத்திருக்க வேண்டும். புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மன்னாரில் நடந்த வெளியீட்டுக்கு அப்பாவையும் அழைத்திருந்தார்கள். நான் மறிக்கப் பார்த்தேன். காரணம் சொல்ல முடியவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். அவள் மேடையேறி அந்த மூன்று பத்தியையும் வாசித்தாள். சனம் கை தட்டியது. அப்பா கை தட்டவில்லை. அவள் இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்தபோது, அவர் கையை விடுவித்துக்கொண்டு சால்வையைச் சரிசெய்தார்.

அப்பாவும் நானும் பஸ்ஸில் பேசாலைக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா கேட்டார்:

"நான் அழுதது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதிக் குடுத்தனான் அப்பா."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ?"

அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் செய்ததை எல்லாம் அப்போது சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிவில் எழும்பி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.